வரிக்கு ஒரு கணக்கு, காப்பீட்டுக்கு வேறொரு கணக்கு

என் மருத்துவக் காப்பீடு காலாவதியானபோது நான் வரி கட்டத் தவறியிருக்கவில்லை. கட்ட வேண்டியதற்கு மேலேயே கட்டியிருந்தேன். இது எனக்கே பிறகுதான் தெரிந்தது. கணக்கு முடித்துக் கொடுத்த ஆடிட்டர் தாளைத் திருப்பிக் காட்டி, "இந்த வருஷத்துக்கு உங்களுக்கு இவ்வளவு வரியே கிடையாதுங்க, கட்டினதுல கால்வாசி திரும்பி வரும்" என்றார். திரும்பி வரப்போகும் அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்ந்திருந்தால் பிரீமியத்தைத் தவணையாகவாவது கட்டியிருக்கலாம்.

நான் புத்தக வடிவமைப்பு செய்கிறேன். சம்பள வேலையை விட்டுத் தனியாகத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நாட்டுக்கு நாடு வரி விகிதமும் விதியும் மாறும் என்பதால் என் எண்களை நாணயம் இல்லாமல் பங்குகளாகவே எழுதுகிறேன். வழக்கமான ஓர் ஆண்டில் எனக்கு வரும் மொத்தத் தொகை 1,000 பங்கு. மென்பொருள், கணினி, எழுத்துருக்கள், பணியிட வாடகை என்று தொழிலுக்கான செலவு 200. மீதி 800 லாபம். அதில் முதல் 200-க்கு வரி இல்லை, அடுத்த 300-க்கு நூற்றுக்கு 15, அதற்கு மேல் நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொண்டால், 45-உம் 75-உம் சேர்ந்து 120 வரி. மருத்துவக் காப்பீடு, வேலை செய்ய முடியாமல் போனால் மாத வருமானம் தரும் காப்பீடு இரண்டுக்குமாக ஆண்டு பிரீமியம் 60.

1,000-க்கு 120 வரி என்றால் நூற்றுக்கு 12. 60 பிரீமியம் என்றால் நூற்றுக்கு 6. ஆகவே எந்தப் பணம் வந்தாலும் நூற்றுக்கு 18-ஐத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். வந்த அன்றே மாற்றுவேன், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன். நான்கு ஆண்டுகள் இது சரியாக ஓடியது. அதனாலேயே இதில் உள்ள ஓட்டை கண்ணில் படவில்லை.

ஐந்தாம் ஆண்டு வேலை குறைந்தது. எட்டு மாதத்தில் வந்தது 400 மட்டும். அதிலிருந்து 18 சதவீதம் ஒதுக்கியது 72. முன்கூட்டியே கட்டும் வரியின் முதல் இரண்டு தவணைகளை, போன ஆண்டு வரியில் கால்வாசி என்ற கணக்கில், தலா 30 வீதம் கட்டிவிட்டேன். கையில் நின்றது 12. காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டிய தேதியும் அந்த எட்டாவது மாதத்தில்தான் வந்தது. கட்ட வேண்டியது 60. ஒரு பதிப்பகத்திடமிருந்து 80 வர வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். சலுகை நாட்கள் முடிந்து பத்து நாள் கழித்து அந்தப் பணம் வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு மொத்த வரவு 700-இல் முடிந்தது. செலவு குறையவில்லை, அதே 200 தான். லாபம் 500, அதற்கு வரி வெறும் 45. நானோ 60 கட்டியிருந்தேன். வரவு நூற்றுக்கு 30 குறைந்தால் வரி அதே அளவில் குறைவதில்லை, அதைவிடப் பெரிதாகக் குறைகிறது. ஏனென்றால் முதலில் உதிர்வது அதிக விகிதத்தில் வரி விழும் மேல் அடுக்கு. பிரீமியம் அப்படி இல்லை. எனக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது 60. வேலை இல்லாத ஆண்டில்தான் அந்தக் காப்பீடு அதிகம் தேவைப்படும் என்பது வேறு விஷயம். ஏறி இறங்கும் ஒன்றையும் அசையாமல் நிற்கும் ஒன்றையும் ஒரே சதவீதத்தில் கட்டி ஒரே பானையில் போட்டிருந்தேன். முதலில் கேட்டவர் எடுத்துக்கொண்டார். வரித் தவணைக்கு முதலில் தேதி வந்ததால் வரி எடுத்துக்கொண்டது.

இப்போது இரண்டும் தனித்தனி வங்கிக் கணக்கு. இரண்டுக்கும் ஒதுக்கும் முறையும் வேறு.

காப்பீட்டுக்கு ஆண்டு முழுக்க 6 சதவீதம் என்பதை விட்டுவிட்டேன். அந்தக் கணக்கு நிறையும் வரை வரும் ஒவ்வொரு தொகையிலும் நூற்றுக்கு 10. 60 சேர்ந்ததும் நிறுத்திவிடுவேன். 600 வரவிலேயே அது நிறைந்துவிடும் என்பதால் என் மிக மோசமான ஆண்டிலும் தப்பிவிடும். 10 என்ற எண் எனக்கு அப்படித்தான் வந்தது: இதுவரை பார்த்த மோசமான ஆண்டு வரவுக்கும் சற்றுக் கீழே ஓர் எண்ணை எடுத்து, பிரீமியத்தை அதால் வகுத்தேன். இங்கே ஆண்டு என்று சொல்வது வரி ஆண்டு அல்ல, பாலிசி ஆண்டு. பிரீமியம் கட்டிய மறுநாளே அடுத்த 60-க்கான சேமிப்பு தொடங்கிவிடுகிறது. இன்னொரு சின்ன விஷயம்: மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் வயதுப் பிரிவு மாறும்போது ஏறும். எந்த வயதில் அடுத்த பிரிவு என்பது பல நிறுவனங்களின் கட்டண அட்டவணையிலேயே இருக்கும். என்னுடையது இரண்டு ஆண்டில் மாறுகிறது என்பதால் இப்போதே 66 வரை சேர்க்கிறேன்.

வரிக் கணக்கில் 12 சதவீதம் இன்னும் இருக்கிறது, ஆனால் வழக்கமான ஆண்டின் வரவான 1,000-ஐத் தொடும் வரைதான். தாண்டியதும் 25 ஆகிவிடும். இதற்கும் காரணம் அந்த மேல் அடுக்குதான். நல்ல ஆண்டில் 1,300 வந்தது என்று வையுங்கள். என் செலவு அதே 200, லாபம் 1,100, வரி 195. எல்லாவற்றிலும் 12 சதவீதம் ஒதுக்கியிருந்தால் சேர்ந்திருப்பது 156. ஆண்டு இறுதியில் 39 துண்டு விழும். கூடுதலாக வந்த 300-இல் 25 சதவீதம் எடுத்திருந்தால் 120-உம் 75-உம் சேர்ந்து மிகச் சரியாக 195. நன்றாகச் சம்பாதித்த ஆண்டுக்குப் பிறகு வரி கட்டக் கடன் வாங்கும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒதுக்காமல் இல்லை. பழைய சராசரியை வைத்துப் புதிய வருமானத்துக்கு ஒதுக்கினார்கள்.

வேலை குறையும் ஆண்டில் மாற வேண்டியது ஒதுக்கும் சதவீதம் அல்ல, தவணை. முன்கூட்டியே கட்டும் வரியை நடப்பு ஆண்டின் சொந்த மதிப்பீட்டின்படி குறைத்துக்கொள்ளப் பல நாடுகளில் வழி உண்டு. மதிப்பீடு தவறினால் குறைவாகக் கட்டிய தொகைக்கு வட்டி போடுவார்கள், அதனால் பயந்துபோய்ப் போன ஆண்டுக் கணக்கையே கட்டிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். இப்போது ஒவ்வொரு தவணைக்கும் பத்து நாள் முன்னால் உட்கார்ந்து, இதுவரை வந்தது, கையெழுத்தான வேலைகளில் வரப்போவது, செலவு மூன்றையும் எழுதி அந்த ஆண்டின் லாபத்தை மறுபடி கணக்கிடுகிறேன். அரை மணி நேர வேலை. தவணைகளின் இடைவெளியும் சமமாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. அமெரிக்காவில் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே இரண்டே மாதம், செப்டம்பருக்குப் பிறகு ஜனவரி வரை நான்கு மாதம். தேதிகளைப் பார்க்காமல் மாதக் கணக்கில் ஒதுக்குகிறவர்களுக்கு முதல் இடைவெளியிலேயே மூச்சு முட்டும்.

வந்த தொகை எது என்பதிலும் நான் நெடுநாள் தடுமாறினேன். சில வாடிக்கையாளர்கள் வருமான வரியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். 100-க்குப் பில் போட்டால் 90 வரும். நான் அந்த 90-இலும் 12 சதவீதம் எடுத்து வைத்தேன். வரி இரண்டு முறை ஒதுக்கப்பட்டது, வீட்டுச் செலவுக்குப் பணம் போதவில்லை, வரிக் கணக்கிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். எவ்வளவு எடுத்தேன் என்றும் எழுதி வைக்கவில்லை. இப்போது பில் தொகையிலிருந்துதான் தொடங்குகிறேன்: 100-க்கு 12 வேண்டும், 10 ஏற்கெனவே போய்விட்டது, நான் ஒதுக்க வேண்டியது 2. பிடித்த 10 உண்மையிலேயே என் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்டிருக்கிறதா என்று சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அதை நம்புகிறேன். ஒருமுறை ஒரு நிறுவனம் பிடித்ததைக் கட்டாமலே வைத்திருந்தது, என் கணக்கில் அது வரவாகவில்லை. அதுவரை அந்த 10-ஐயும் நானே ஒதுக்கி வைத்திருந்திருக்க வேண்டும்.

பில்லின் மேல் விற்பனை வரி சேர்த்து வாங்குகிறவர்களுக்கு அது இன்னும் எளிது. அந்தப் பகுதி வருமானமே இல்லை, முழுசாக முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். ஆனால் பில் போட்ட மாதத்தை வைத்து அதைக் கட்டச் சொல்லும் முறையில் இருந்தால், பணம் கைக்கு வருமுன்னே கெடு வந்துவிடும். தாமதமாகக் கொடுக்கும் வாடிக்கையாளருக்காக நாம் கைக்காசைப் போட்டுக் கட்டுவோம். அப்படிப்பட்டவர்களிடம் நான் இப்போது பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறேன். தர மறுத்த ஒருவரின் வேலையை விட்டும் இருக்கிறேன்.

எல்லாம் சேர்ந்து வரவில் நூற்றுக்கு 22 என்பது பாலிசி ஆண்டின் முதல் மாதங்களில் கனமாகத்தான் இருக்கிறது. 660-ஐத் தாண்டியதும் 12-ஆகக் குறையும்போது ஒரு மாற்றம் தெரியும். அந்த மாதங்களில் வீட்டுச் செலவை உயர்த்தாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் சிரமம். போன மாதம் அப்படி மிஞ்சியதை, வேலை வராத மாதங்களுக்கென்று மூன்றாவது ஒரு கணக்கில் போட்டேன். வரிக் கணக்கில் கை வைக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி என்று நினைக்கிறேன்.

காலாவதியான பாலிசியை அப்போது புதுப்பிக்க முடியவில்லை. அதே நிறுவனத்தில் புதிதாக எடுத்தேன். ரத்த அழுத்தத்துக்காகப் பழைய பாலிசியில் நான் ஏற்கெனவே முடித்திருந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரவில்லை, மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. அதில் இன்னும் 14 மாதம் பாக்கி. மாத்திரை, பரிசோதனை, அதனால் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் ஆகும் செலவு எல்லாம் அதுவரை என் கையிலிருந்து.