இரைச்சல் கூடத்தில் ரோபோவுக்குக் காது வைத்த அனுபவம்

அறிவியல் கண்காட்சிக் கூடம் ஒன்றில் வழிகாட்டும் ரோபோவுக்குக் குரல் கேட்கும் பகுதியை அமைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இடுப்பளவு உயரமுள்ள அந்த ரோபோவின் தலையில் நான்கு மைக்குகள் கொண்ட வட்டப் பலகை ஒன்றும், வயிற்றில் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றும் இருந்தன. யாராவது பெயர் சொல்லி அழைத்தால் மட்டும் அது திரும்பி அவருடைய கேள்வியைக் கேட்க வேண்டும். சுற்றி நடக்கும் மற்ற பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. வீட்டு மேசையில் 2 நாளில் முடிந்த இந்த வேலை, கூடத்தில் 7 வாரம் எடுத்தது.

முதல் தவறு பெயரிலேயே இருந்தது. ரோபோவுக்குத் ‘தம்பி’ என்று பெயர் வைத்து, அதையே விழிப்புச் சொல்லாகவும் வைத்திருந்தோம். பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் நிறைந்த ஒரு கூடத்தில் ‘தம்பி’ என்ற சொல் எத்தனை முறை ஒலிக்கும் என்பதைத் தமிழ் தெரிந்த எவரும் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை 3 மணி நேர ஒலியை அப்படியே பதிவு செய்து, அதை நிரலுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, யாருமே ரோபோவை அழைக்காத அந்த நேரத்தில் அது 41 முறை விழித்திருந்தது. எவராவது “தம்பி, கொஞ்சம் தள்ளுப்பா” என்று சொன்னபோதெல்லாம் விழித்திருந்ததால், சொல்லைக் கண்டறியும் மாதிரியைக் குறை சொல்ல வழியில்லை.

விழிப்புச் சொல் நீளமாக இருக்க வேண்டும், அன்றாடப் பேச்சில் அரிதாக இருக்க வேண்டும், வல்லொலிகள் தெளிவாக வெடிக்க வேண்டும் என்று பார்த்துச் ‘சிட்டுக்குருவி’ என்று மாற்றினோம். விழிப்புச் சொல்லைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்திய ஓப்பன்வேக்வேர்ட் நிரலின் பயிற்சி முறை செயற்கையாக உருவாக்கப்படும் ஆங்கிலக் குரல்களை நம்பியது. தமிழுக்கு அது உதவவில்லை. ஆகவே குழந்தைகள் முதல் பாட்டிமார் வரை 60 பேரிடம் அந்தச் சொல்லைப் பல விதமாகச் சொல்லச் செய்து பதிந்தோம். அந்தப் பதிவுகளின் மேல் கூடத்தின் இரைச்சலைப் பல அளவுகளில் கலந்தோம்: குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் உயர்ந்து நிற்கும் நிலையிலிருந்து, இரண்டும் சமமாக இருக்கும் நிலை வரை. சோதனைக்கு வைத்த இரைச்சல் வேறொரு நாளில் பதிந்தது. பயிற்சிக்குக் கொடுத்த இரைச்சலிலேயே சோதித்தால் எண்கள் அழகாக வரும், கூடத்தில் கவிழ்த்துவிடும்.

புதிய மாதிரி 3 மணி நேரத்தில் 11 முறை தவறாக விழித்தது. எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்தாமல் 11 துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டதுதான் நான் செய்த உருப்படியான காரியம். அவற்றில் 7 துண்டுகளில் பேசியது ரோபோவேதான்: “வணக்கம், நான் சிட்டுக்குருவி” என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அந்தக் குரலுக்குத் தானே விழித்திருக்கிறது. எதிரொலியை நீக்கும் வசதி மைக்குப் பலகையிலேயே இருந்தது. ஆனால் ஸ்பீக்கரை நான் ராஸ்ப்பெரி பையில் செருகியிருந்தேன். வெளியே போகும் ஒலி எது என்று தெரிந்தால்தானே பலகை அதைக் கழிக்க முடியும்? ஸ்பீக்கரைப் பலகையின் ஒலித்துளைக்கு மாற்றி, ஒலியையும் அதன் வழியாகவே அனுப்பியபின் அந்த 7 துண்டுகளில் ஒன்றுதான் மிஞ்சியது.

மீதி 4 துண்டுகளில் மூன்று, பிள்ளைகள் ஒருவரையொருவர் “விட்டுக்குடுடி” என்று கெஞ்சியவை. அதைப்போன்ற சொற்களைத் தனியாகப் பதிந்து, விழிக்கக் கூடாத எதிர்மாதிரிகளாகப் பயிற்சியில் சேர்த்தோம். இந்த நிரல் 80 மில்லிவினாடிக்கு ஒருமுறை, விழிப்புச் சொல் ஒலித்ததா என்பதற்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது. ஒரே ஒரு மதிப்பெண் எல்லையைத் தாண்டினால் போதாது, தொடர்ந்து மூன்று தாண்ட வேண்டும் என்றும் வைத்தோம். எல்லையை 0.5-இலிருந்து 0.8-க்கு உயர்த்தியும் பார்த்தேன். தவறான விழிப்பு குறைந்தது. ஆனால் சிறு குழந்தைகள் அழைத்தால் ரோபோ திரும்பவேயில்லை. கடைசியில் 0.6-இல் நிறுத்தினேன்.

இதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ரோபோ சரியாக விழிக்கும், ஆனால் கேள்வி முடிந்ததை உணராது; 20 வினாடி ஆனாலும் கேட்டுக்கொண்டே நிற்கும். பேச்சு முடிந்ததைக் கண்டறிய சைலீரோ என்ற பேச்சறியும் மாதிரியை வைத்திருந்தேன். அதன் மதிப்பெண்களை அச்சிட்டுப் பார்த்தால், அழைத்தவர் வாயை மூடிய பிறகும் 0.9-ஐ ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது. மாதிரியின் மேல் தவறில்லை. அது ‘இங்கே பேச்சு இருக்கிறதா’ என்று கேட்டால் பதில் சொல்லும். ‘என்னிடம் பேசுகிறார்களா’ என்பது அதற்குத் தெரியாது. விசிறிச் சத்தத்தையும் நாற்காலி இழுபடும் சத்தத்தையும் அது நன்றாகவே ஒதுக்கியது. ஆனால் எங்கள் கூடத்தின் இரைச்சலே பேச்சுதான்.

ஆகவே அழைத்தவரின் குரல் அளவையே அளவுகோலாக்கினேன். விழிப்புச் சொல் ஒலிப்பதற்கு முந்தைய 2 வினாடிகளின் இடைநிலை அளவைப் பின்னணி என்று எடுத்துக்கொண்டு, விழிப்புச் சொல்லின் அளவை அழைத்தவரின் அளவு என்று கொண்டால், இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போடலாம்.

```python
gap = wake_db - floor_db
if gap < 6:
    ask_to_come_closer()
limit = floor_db + gap / 2
ended = quiet_ms(limit) >= 700
```

ஒரு பதிவில் பின்னணி −38 டெசிபல், அழைத்த சிறுமியின் குரல் −24. கோடு −31-இல் விழுந்தது. “டைனோசர் எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டு அவள் நிறுத்தியதும் அளவு −37-க்கு இறங்கி 700 மில்லிவினாடி அங்கேயே நின்றது, பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தவில்லை என்றாலும் ரோபோ கேள்வியை முடித்துக்கொண்டது. இடைவெளி 6 டெசிபலுக்கும் குறைந்தால் ஊகிக்காமல், “கொஞ்சம் கிட்ட வாங்க” என்று ரோபோவே சொல்லிவிடும். சைலீரோவை நான் எடுத்துவிடவில்லை. அளவு கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், அது பேச்சாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று 8 வினாடி உச்சவரம்பும் உண்டு.

இந்த முறை முதல் நாள் வேலையே செய்யவில்லை. அமைதியானதும் பின்னணி அளவு தானாக மேலேறிக் கோட்டைத் தொட்டது. காரணம், பலகையில் இருந்த தானியங்கி ஒலிப்பெருக்கம்: குரல் தாழ்ந்தால் அது எல்லாவற்றையும் தூக்கிவிடும். அளவை நம்பி முடிவெடுக்கும் எதற்கும் அது பகை. இந்தக் கட்டளையால் அதை அணைத்தேன்:

```
python tuning.py AGCONOFF 0
```

இன்னொரு தொல்லை சிறியது, ஆனால் 4 நாள் தின்றது. விழிப்புச் சொல் நிரலுக்கு ஒலியை நறுக்கிய துளிகளில் ஒரு தடவைக்கு 1280 கொடுத்தோம்; சைலீரோ 512 துளிகளைத்தான் கேட்கும். மிஞ்சிய பாதித் துண்டை நான் சுழியங்களால் நிரப்பி அனுப்பியதால், முந்தைய துண்டுகளை நினைவில் வைத்திருக்கும் அந்த மாதிரி குழம்பி, பேச்சின் நடுவே மதிப்பெண்ணைத் தாழ்த்தியது. 2560 துளிகளைச் சேர்த்துவைத்து இரண்டாகவும் ஐந்தாகவும் பிரித்துக் கொடுத்ததும் சரியானது.

இப்போது 3 மணி நேரத்தில் ஒரு தவறான விழிப்பு வருகிறது. ஒரு மீட்டரில் நின்று அழைத்த 100 அழைப்புகளில் 93 பிடிபட்டன. இரண்டு மீட்டரில் 71தான். இரண்டு பிள்ளைகள் ஒன்றாகக் கூப்பிட்டால் சத்தமாகக் கத்தியவன் கேள்விக்கே பதில் கிடைக்கிறது, மற்றவன் ரோபோவின் முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறான்.