உந்தக் காப்பும் ஓர் ஐதரசன் அணுவும்

உயர்தர வகுப்பில் உந்தக் காப்பு என்றால் நமக்கு மோதும் இரண்டு துரொல்லிகள்தான். ஏன் காக்கப்படுகிறது என்ற கேள்விக்கு நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதினால் முழுப்புள்ளி. அதற்கும் அடியில் ஒரு காரணம் உண்டு. அதைப் பார்க்க ஓர் ஐதரசன் அணு போதும்.

இலத்திரனுக்கும் புரோத்தனுக்கும் இடையிலான அழுத்தசக்தி அவற்றின் இடைத்தூரத்தில் மட்டுமே தங்கியுள்ளது. இரண்டையும் சேர்த்து d தூரம் நகர்த்தினால் மொத்தச் சக்தியைக் குறிக்கும் H என்ற செயலி மாறாது. நகர்த்தும் செயலி exp(-iPd/ħ). இதிலுள்ள P மொத்த உந்தம். நகர்த்திவிட்டு H-ஐப் பிரயோகித்தாலும், H-ஐப் பிரயோகித்துவிட்டு நகர்த்தினாலும் விளைவு ஒன்றே; ஆகவே P காலத்தோடு மாறாது. இங்கே பலர் சறுக்குவார்கள். இலத்திரனை மட்டும் நகர்த்தினால் இடைத்தூரம் மாறிவிடும். எனவே இலத்திரனின் தனி உந்தம் காக்கப்படுவதில்லை.

பரிட்டி என்பது x, y, z மூன்றின் குறியையும் ஒரேயடியாக மாற்றுவது. இடைத்தூரம் அப்படியே இருப்பதால் H இதற்கும் மசியாது. ஆனால் பரிட்டியைச் சிறிது சிறிதாகச் செய்ய முடியாது. இரண்டு முறை செய்தால் பழைய நிலையே வரும். ஆகவே காக்கப்படுவது +1 அல்லது -1 என்ற ஓர் எண் மட்டுமே. பழைய இயக்கவியலில் இதற்கு நிகரான கணியம் கிடையாது. அதனால்தான் எனக்கு இது உந்தத்தைவிட அழகாகப்படுகிறது.

அந்த எண்ணின் வலுவை 2s நிலையில் காணலாம். 2p நிலையிலுள்ள அணு 1.6 நனோசெக்கனில் 1s-க்கு விழுந்துவிடும். 2s-உம் 1s-உம் +1 பரிட்டி உடையவை; மின் இருமுனை வழியாக வெளியேறும் போட்டனோ -1-ஐக் கொண்டு போகும். கணக்கு ஒத்துவராததால் அந்த வழி அடைபட்டு, பெரும்பாலும் இரண்டு போட்டன்களை ஒன்றாக விட்டே 2s இறங்குகிறது. அதற்குச் சராசரியாக 0.12 செக்கன் ஆகிறது.

இனி ஒரு சீரான மின்புலத்தைப் போடுவோம். H-இல் சேரும் உறுப்பு இலத்திரனின் z-இலிருந்து புரோத்தனின் z-ஐக் கழித்து வருவது. பரிட்டியில் அதன் குறி மாறுவதால் பரிட்டிக் காப்பு உடைகிறது. 2s-உடன் 2p கலக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைவெளி வெறும் 1058 MHz (2p-யின் ½ கோண உந்த நிலைக்கு) என்பதால் சென்றிமீற்றருக்கு 10 வோல்ற் போட்டாலே 2s-இன் ஆயுள் சில மைக்ரோசெக்கனாகச் சுருங்கும். வெற்றிடக் குழாயில் தேங்கிய சிறு மின்னேற்றமும் இதே வேலையைச் செய்துவிடும்; 2s அணுக்களின் கற்றை எதிர்பார்த்ததற்கு முன்பே, 2p-இலிருந்து 1s-க்கு விழும்போது வரும் 121.6 நனோமீற்றர் ஒளியை விட்டால், முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் அதே உறுப்பு, இரண்டு துகள்களையும் சேர்த்து நகர்த்தும்போது மாறுவதில்லை; கழித்தல் கணக்கு அப்படியே நிற்கிறது. ஆகவே பரிட்டியை உடைத்த புலத்தால் மொத்த உந்தத்தைத் தொட முடியவில்லை. ஓய்விலிருந்த அணு அந்தப் புலத்துக்குள் 121.6 நனோமீற்றர் போட்டனை ஒரு பக்கம் விட்டால், மறுபக்கம் செக்கனுக்கு 3.3 மீற்றர் வேகத்தில் பின்னுதைக்கும்.