ரக்கட் போன் வாங்குமுன்

அடி, விழுதல் தாங்கும்படி செய்யப்படும் ரக்கட் போனின் பெட்டியில் MIL-STD-810 என்று பார்த்ததும் ராணுவமே சோதித்துக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு, அவ்வளவுதான். சோதிப்பது தயாரிப்பாளரோ அவர் அமர்த்தும் ஆய்வகமோ. ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை.

விழும் சோதனையையே பாருங்கள். 122 செ.மீ. உயரத்திலிருந்து, ஒவ்வொரு முகமும் விளிம்பும் மூலையும் படும்படி மொத்தம் 26 முறை போட வேண்டும். 810G பதிப்பில் தரை என்பது கான்கிரீட்டின் மேல் விரித்த 2 அங்குல ஒட்டுப்பலகை. அந்த 26-ஐ ஐந்து போன்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரே போன் 26 அடியையும் தாங்கியது என்று இதற்கு அர்த்தமில்லை!

ஏணியில் நின்று வேலை செய்பவருக்கு 122 செ.மீ. போதாது. கீழே கூர்மையான ஜல்லி இருந்தால் கணக்கே வேறு. அதனால் எத்தனை மீட்டர், எந்தத் தரை என்று கேளுங்கள். திரையைச் சுற்றி விளிம்பு சற்று உயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குப்புற விழும்போது கண்ணாடியைக் காப்பது அதுதான்.

அப்புறம் கையுறை மோடு. அது தொடுதிரையின் உணர்திறனைக் கூட்டுகிறது, அதனால் மழைத்துளியையும் விரலாக எடுத்துக்கொள்ளக்கூடும். மழையில் வேலை என்றால் பக்கவாட்டில் நிஜ பட்டன் உள்ளதையே நான் எடுப்பேன்.