ஒரு வெள்ளை உப்பின் அட்டவணை: சோதனை, காண்பன, அறிவன

வேதியியல் செய்முறைத் தேர்வில் எனக்குக் கிடைத்தது வெள்ளைப் படிக உப்பு. நிறம் இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். நீலம் என்றால் தாமிரம், வெளிர்பச்சை என்றால் இரும்பு என்று ஊகித்துத் தொடங்கலாம். வெள்ளை உப்பு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே அட்டவணையின் முதல் வரிசையில் ‘காண்பன’ என்ற கட்டத்தில் ‘நிறமற்றது, படிக வடிவம்’ என்றும், ‘அறிவன’ என்ற கட்டத்தில் ‘தாமிரம், இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற நிறமுள்ள நேரயனிகள் இல்லாதிருக்கலாம்’ என்றும் எழுதினேன். அந்த ‘இருக்கலாம்’, ‘இல்லாதிருக்கலாம்’ இரண்டையும் உறுதிச் சோதனை வரும்வரை கைவிடக் கூடாது என்பது எங்கள் ஆசிரியரின் கண்டிப்பு. அது சரியான கண்டிப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது வெப்பச் சோதனை. உலர்ந்த சோதனைக்குழாயில் ஒரு சிட்டிகை உப்பை இட்டுச் சூடாக்கியதும் படபடவென்று வெடித்தது. சற்று நேரத்தில் குழாயின் வாய்ப்பக்கம் செம்பழுப்பு நிற வாயு நிரம்பியது. அடியில் தங்கிய பொடி சூட்டில் ஆரஞ்சு கலந்த பழுப்பாகவும், ஆறியதும் மஞ்சளாகவும் இருந்தது. இந்த ஒரு வரிசையில் மூன்று செய்திகள் இருக்கின்றன. பலர் வாயுவின் நிறத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். செம்பழுப்பு வாயு நைட்ரேட்டையோ புரோமைடையோ சுட்டலாம். எச்சத்தின் நிறம் நேரயனியைப் பற்றிப் பேசுகிறது. சூட்டில் மஞ்சளாகவும் ஆறினால் வெள்ளையாகவும் இருந்தால் துத்தநாகத்தை நினைக்க வேண்டும். ஆறிய பிறகும் மஞ்சளாக நின்றால் காரீயத்தை நினைக்க வேண்டும். ஆகவே குழாயைக் கழுவப் போகாமல் ஆறவிட்டுப் பார்ப்பது அவசியம். அந்த வாயு நச்சு என்பதால் இதைப் புகைபோக்கி அடியில் செய்யச் சொல்வார்கள்.

வெப்பச் சோதனை சுடர் சோதனைக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதன் பயன் இங்கேதான் எனக்குத் தெரிந்தது. காரீயம் இருக்கும் என்ற ஐயம் வந்துவிட்டால் பிளாட்டினம் கம்பியைத் தொடக் கூடாது. சூட்டில் காரீயம் ஒடுக்கமடைந்து பிளாட்டினத்தோடு கலந்து கம்பியைக் கெடுத்துவிடும். கண்ணாடிக் குச்சியின் நுனியில் உப்பையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் குழைத்துக் காட்டினேன். மங்கிய நீலவெண்மை தெரிந்தது. அதை நம்பி முடிவெடுக்க முடியாது. ‘குறிப்பிடத்தக்க நிறம் இல்லை’ என்று எழுதினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைத்துப் பொங்கவில்லை, கார்பனேட் இல்லை. உப்புடன் அடர் கந்தக அமிலம் சேர்த்து மெல்லச் சூடாக்கியதும் மீண்டும் செம்பழுப்புப் புகை. புரோமைடும் ஏறக்குறைய இதே புகையைத் தரும் என்பதால், அதே குழாயில் தாமிரச் சீவல்கள் சிலவற்றைப் போட்டேன். புகை அடர்ந்தது, கரைசல் நீலமாகத் தொடங்கியது. ‘நைட்ரேட்டாக இருக்கலாம்’ என்ற சொல் கொஞ்சம் கனம் பெற்றது.

உறுதி செய்வதற்குச் சோடியம் கார்பனேட் சாறு வேண்டும். ஒரு பங்கு உப்புடன் இரண்டு மூன்று பங்கு சோடியம் கார்பனேட் சேர்த்து, வாலை வடிநீரில் சுமார் 10 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினேன். காரீயம் கார்பனேட்டாக வடிதாளில் தங்கிவிடும். எதிரயனி மட்டும் சாற்றுடன் இறங்கும். இந்தப் படியைச் சலிப்பான சடங்கு என்று நினைப்பவர்கள், உப்பின் கரைசலிலேயே நேராகப் பழுப்பு வளையச் சோதனை செய்து பார்க்கலாம். கந்தக அமிலம் பட்டதுமே காரீய சல்பேட் வெள்ளையாக வீழ்ந்து குழாய் கலங்கிவிடும். வளையத்தைத் தேட வேண்டியிருக்கும்.

சாற்றைத் தனித்தனிக் குழாய்களில் பிரித்து ஒவ்வொன்றையும் வேறு அமிலத்தால் நடுநிலையாக்க வேண்டும். பேரியம் குளோரைடு சேர்க்கப்போகும் பங்குக்கு அசிட்டிக் அமிலம், வெள்ளி நைட்ரேட் சேர்க்கப்போகும் பங்குக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம், பழுப்பு வளையத்துக்கு நீர்த்த கந்தக அமிலம். மாற்றிச் சேர்த்தால், நாமே ஊற்றிய சல்பேட்டையும் குளோரைடையும் கண்டுபிடித்து மகிழ நேரும். முதல் இரண்டிலும் எனக்கு வீழ்படிவு வரவில்லை. புரோமைடு அங்கேயே கழிந்தது. மூன்றாவதில் அப்போதுதான் கரைத்த பெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, குழாயைச் சாய்த்து அடர் கந்தக அமிலத்தைச் சுவரோடு சொட்டுச் சொட்டாக இறக்கினேன். இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் வந்தது. குலுக்கினால் போய்விடும் என்பதால், ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே குழாயை அசைத்தேன். இப்போது ‘நைட்ரேட் உறுதி’ என்று எழுதலாம்.

நேரயனிக்கு உப்பைக் கட்டாயம் வாலை வடிநீரில் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடும் சல்பேட்டும் கார்பனேட்டும் போதும், காரீயக் கரைசல் சோதனைக்கு முன்பே பால்போலக் கலங்கிவிடும். என் கரைசல் தெளிவாக இருந்தது. அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்ததும் வெள்ளை வீழ்படிவு விழுந்தது: இந்த அமிலத்தில் குளோரைடாக வீழும் நேரயனிகளின் முதல் தொகுதி. அதைச் சூடான நீரில் கரைத்து இரண்டு பங்காக்கி, ஒன்றில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தேன், மஞ்சள் வீழ்படிவு. அதை நீரில் கொதிக்கவைத்தால் கரைந்துவிடுகிறது; ஆறும்போது பொன்னிறச் செதில்களாக மின்னிக்கொண்டு இறங்குகிறது. இந்த அட்டவணை முழுவதிலும் பார்க்க அழகானது இதுதான். இன்னொரு பங்கில் பொட்டாசியம் குரோமேட்டும் மஞ்சள் வீழ்படிவைத் தந்தது. அது சோடியம் ஹைட்ராக்சைடில் கரைந்தது, அசிட்டிக் அமிலத்தில் கரையவில்லை. காரீயம் உறுதியானது.

பக்கத்து மேசைத் தோழிக்கும் இதே உப்புதான் கிடைத்திருந்தது. ஆனால் அவளுக்கு முதல் தொகுதியில் ஒன்றும் விழவில்லை. அவள் ‘முதல் தொகுதி இல்லை’ என்று எழுதி, விதிப்படி இரண்டாம் தொகுதியைப் பார்க்க அதே கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினாள். கன்னங்கரிய வீழ்படிவு வந்தது. கரைசல் நிறமற்றது என்பதால் தாமிரம் இல்லை என்று முடிவுசெய்து, அந்தக் கருப்பைச் சூடான நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்தாள். வெள்ளை வீழ்படிவு விழுந்தது. ஆக, அவளும் காரீயத்துக்கே வந்து சேர்ந்தாள்.

இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துத் தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: ஒரே உப்பு எப்படி இரண்டு தொகுதிகளில் வந்தது? காரீய குளோரைடு முற்றிலும் கரையாத பொருளன்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 10 கிராம் கரையும். கொதிநீரில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அவள் எடுத்த கரைசல் நீர்த்ததாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்ததால் குளோரைடு விழாமல் கரைந்தே நின்றது. காரீய சல்பைடோ மிக மிகக் குறைவாகவே கரையும். எஞ்சியிருந்த காரீயத்தை அது பிடித்துவிட்டது. நான் வடிகட்டி எடுத்த தெளிநீரிலும் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தச் சொன்னார் தேர்வாளர். அதுவும் கருத்தது.