ப்ரூயிங் தேர்வுக்குப் படித்தபோது: புளிப்பு முதலில், கசப்பு கடைசியில் என்பது எவ்வளவு சரி?

ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷனின் ப்ரூயிங் இண்டர்மீடியட் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த அன்று, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டேன்: "முதலில் அமிலம், அடுத்து சர்க்கரை, கடைசியில் கசப்பு." காபித்தூளில் வெந்நீர் பட்டதும் எது எந்த வரிசையில் கரைந்து இறங்குகிறது என்பதற்கு எல்லா வகுப்பிலும் சொல்லித்தரும் சூத்திரம் இது. தேர்வில் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியாக வந்தால் இதையே குறியுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் இந்த வரியை அப்படியே நம்பி செய்முறைத் தேர்வுக்குப் போனால் தடுமாறுவீர்கள். மாதிரித் தேர்வில் நான் தடுமாறினேன்.

அன்று எங்கள் முன்னால் ஒரு கோப்பையை வைத்து, இதில் என்ன குறை, எப்படிச் சரிசெய்வீர்கள் என்று கேட்டார்கள். வாயில் வைத்ததும் நல்ல புளிப்பு. விழுங்கியபின் நாக்கில் பாக்கு மென்றது போன்ற துவர்ப்பு. என் சூத்திரப்படி புளிப்பு என்றால் குறைவாக இறங்கிய காபி, துவர்ப்பும் கசப்பும் என்றால் அளவுக்கு மேல் இறங்கிய காபி. இரண்டும் ஒரே கோப்பையில் எப்படி இருக்கும்? "தூளை இன்னும் நைசாக அரைக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு வந்தேன். தப்பு.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டரில் முதல் டிகாஷன் இறங்கியதும், அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இரண்டாவது டிகாஷன் எடுப்பார்கள். அம்மா அதை முதலாவதோடு கலந்துதான் பால் ஊற்றுவார். தனியாக யாருக்கும் தர மாட்டார். எது எப்போது இறங்குகிறது என்ற பாடத்தை, பெயர் தெரியாமலேயே, சின்ன வயதிலிருந்து குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சரி, இதையே கணக்கோடு செய்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வீட்டுத் தூள் இதற்கு ஆகாது. சிக்கரி கலந்திருக்கும், சிக்கரி காபியைவிட மிக அதிகமாகக் கரையும் என்பதால் கணக்கு குழம்பும். அதனால் சிக்மகளூர் அராபிகா, மிதமான வறுவல், 20 கிராம் எடுத்தேன். வி60 என்ற, காகித வடிகட்டி வைத்த கூம்பு வடிவ டிரிப்பரில் 93 டிகிரி வெந்நீர், மொத்தம் 320 கிராம். டிரிப்பருக்குக் கீழே தராசு, அதன்மேல் கோப்பை. 70 கிராம் சேர்ந்ததும் அந்தக் கோப்பையை நகர்த்திவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். நான்கு கோப்பைகள், ஆக 280 கிராம். மீதி 40 கிராம் தண்ணீர் தூளிலேயே தங்கிவிடும். ஒரு கிராம் தூள் சுமார் 2 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கோப்பையிலும் கரைந்த பொருள் எத்தனை சதவீதம் என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன். இதைத்தான் டி.டி.எஸ் என்பார்கள். கருவியை முதலில் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, காபியை அறை வெப்பத்துக்கு ஆறவைத்துத்தான் சொட்டு விட வேண்டும். அதுவரை கோப்பையை மூடி வையுங்கள். சுடச்சுட விட்டால் சொட்டு ஆவியாகிக் கெட்டியாகும், எண் கண்முன்னே ஏறும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஏறியது. நல்ல காபி போட்டுவிட்டேன் என்று பத்து நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.

ஒழுங்காக அளந்தபோது வந்தது இது: முதல் கோப்பை 3.1, இரண்டாவது 1.4, மூன்றாவது 0.75, நான்காவது 0.45 சதவீதம். 70 கிராமால் பெருக்கினால் கரைந்த பொருள் முறையே 2.17, 0.98, 0.53, 0.32 கிராம். கூட்டினால் 4 கிராம். 20 கிராம் தூளில் 4 கிராம் இறங்கியிருக்கிறது, அதாவது 20 சதவீதம். வறுத்த காபியில் கரையக்கூடியது மொத்தமே 30 சதவீதத்துக்குள்தான். அதில் 18 முதல் 22 வரை இறங்கினால் நல்லது என்பது 1950களில் எம்.ஐ.டி. பேராசிரியர் லாக்ஹார்ட் செய்த வேலையிலிருந்து வந்த அளவுகோல். அடர்த்தியையும் இறங்கிய சதவீதத்தையும் ஒரே படத்தில் காட்டும், பாடத்தில் வரும் ப்ரூயிங் கன்ட்ரோல் சார்ட் அவருடையதுதான்.

இங்கே ஒரு கணக்குப் பிழையைச் சொல்லியாக வேண்டும். நான்கையும் கலந்து அளந்தால் 1.43 சதவீதம் வரும். அதை 280-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 20. நான் முதலில் அவசரத்தில், ஊற்றிய தண்ணீரின் எடையான 320-ஆல் பெருக்கினேன். விடை 22.9! சரியான காபி காகிதத்தில் அளவுக்கு மேல் இறங்கிய காபி ஆகிவிட்டது. டிரிப்பரில் எப்போதும் கீழே இறங்கிய பானத்தின் எடையைத்தான் எடுக்க வேண்டும்.

இனி எண்களைப் பாருங்கள். இறங்கியதில் பாதிக்கும் மேல் முதல் கோப்பையிலேயே வந்துவிட்டது. புளிப்பு மட்டுமா வந்தது? குடித்துப் பார்த்தால் அது கசப்பாகவும் இருக்கிறது, லேசாக உப்பும் கரிக்கிறது. நான்கில் மிகக் கசப்பானது எது என்று கேட்டால் யாரும் முதல் கோப்பையைத்தான் காட்டுவார்கள். கடைசிக் கோப்பை வெறும் தண்ணீர் போல இருக்கும். அப்படியானால் "கடைசியில் கசப்பு" எங்கே போனது?

கோப்பைகளை அப்படியே ஒப்பிட்டதுதான் பிழை. அடர்த்தி ஏழு மடங்கு வித்தியாசப்படும்போது நாக்கு அடர்த்தியைத்தான் சொல்லும், சுவையின் விகிதத்தைச் சொல்லாது. எல்லாவற்றையும் நான்காவது கோப்பையின் அளவுக்கு நீர்க்க வைக்க வேண்டும். முதல் கோப்பையில் 10 கிராம் எடுத்து 59 கிராம் வெந்நீர் சேர்த்தால் 0.45 சதவீதத்துக்கு வந்துவிடும். இரண்டாவதில் 10 கிராமுக்கு 21, மூன்றாவதில் 7. இப்போது வரிசையாகக் குடித்தேன். முதலாவது எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்ட தண்ணீர் போல, மணத்தோடு, சுத்தமான புளிப்பு. இரண்டாவதில் புளிப்பு அடங்கி ஒரு நிறைவு வருகிறது. மூன்றாவதில் புளிப்பைத் தேட வேண்டும். நான்காவதில் மணமில்லை, காகிதம் நனைத்த வாசனை, நாக்கின் ஓரத்தில் அந்தப் பாக்குத் துவர்ப்பு.

ஆக வரிசை இருக்கிறது, ஆனால் அது ரேஷன் கடை க்யூ மாதிரி ஒருவர் போனபின் ஒருவர் என்ற வரிசை இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன, வேகம்தான் வேறு. சிட்ரிக், மாலிக் போன்ற அமிலங்கள் சின்ன மூலக்கூறுகள், தண்ணீரில் சட்டென்று கரைபவை. முதல் நிமிடத்திலேயே பெரும்பாலும் வெளியேறி, பின்னால் தருவதற்குக் கையிருப்பு இல்லாமல் போகும். பழுப்பு நிறம் தரும் மெலனாய்டின்கள், பெரிய சங்கிலிச் சர்க்கரைகள், துவர்ப்பு தருபவை எல்லாம் மெதுவாக, கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வரும். கடைசிக் கோப்பையில் கசப்பு கூடவில்லை, அதை மறைத்த மற்றவை தீர்ந்துபோயின. காஃபினைக் கடைசிக் கசப்புக்குக் காரணமாக எழுதிவிடாதீர்கள். அது வேகமாக இறங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. காபிக் கசப்பின் பெரும்பகுதி, வறுக்கும்போது குளோரோஜெனிக் அமிலம் உடைந்து உண்டாகும் பொருள்களிலிருந்து வருகிறது.

நடுவில் வருவதாகச் சொல்லும் "சர்க்கரை"தான் இந்தச் சூத்திரத்தின் பலவீனமான இடம். பச்சைக் கொட்டையில் இருந்த சுக்ரோஸ் வறுக்கும்போதே கிட்டத்தட்ட முழுதும் அழிந்துவிடுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுக்குழு ஒன்று 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நான் செய்தது போலவே டிரிப் காபியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பயிற்சி பெற்றவர்களை ருசிக்க வைத்தார்கள். பின்னால் இறங்கிய பகுதிகளில்தான் இனிப்பு அதிகம் தெரிந்தது. ஆனால் எளிய சர்க்கரைகளை அளந்தபோது அவை முதல் பகுதியில்தான் அதிகம் இருந்தன, போகப்போகக் குறைந்தன. எதிலும் நாக்குக்கு எட்டும் அளவுக்கு இல்லை. அதாவது இனிப்பு என்று நாம் உணர்வது, சர்க்கரை வந்து சேர்வதால் இல்லை. விரிவாக எழுதும் கேள்வியில் "சர்க்கரை கரைகிறது" என்பதற்குப் பதில் "இனிப்புணர்வு மேலெழுகிறது" என்று எழுதினேன்.

இப்போது அந்த மாதிரித் தேர்வுக் கோப்பைக்கு வருவோம். எல்லாத் துகளும் ஒரே வேகத்தில் கரைவதாக நினைத்ததால்தான் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து இருப்பது எனக்குப் புதிராகத் தெரிந்தது. அரைத்த தூளில் மாவு போன்ற துகளும் இருக்கும், ரவை போன்றதும் இருக்கும். மாவுத் துகள் ஒரு நிமிடத்தில் தன் நான்காவது கோப்பையை எட்டிவிடும். ரவைத் துகளின் உள்பகுதிக்குத் தண்ணீர் போய்த் திரும்ப நேரமாகும். மூன்று நிமிடம் ஆனாலும் அது இரண்டாவது கோப்பையில்தான் நிற்கும். ஒரு பக்கமாகவே தண்ணீர் ஊற்றி, அங்கே வழி உண்டாகிவிட்டாலும் இதே கதி. மொத்தத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் 20 சதவீதம் என்று அழகாகக் காட்டும், ஏனென்றால் அது காட்டுவது சராசரி. இந்தக் கோப்பைக்கு நைசாக அரைப்பது மருந்தில்லை, மாவு இன்னும் கூடும். அரைவையின் சீரைப் பார்க்க வேண்டும். இறங்கியபின் தூள் படுகை சமமாக இருக்கிறதா, ஒரு பக்கம் குழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்முறைத் தேர்வில் நான் செய்த முதல் வேலை டிரிப்பருக்குள் எட்டிப் பார்த்ததுதான்.

இந்தச் சோதனையை நீங்கள் செய்வதானால், காபியைக் கொட்டுவதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். மறுநாள் நான் செய்தது இது. மறுபடி அதே மாதிரி நான்கு கோப்பை இறக்கி, முதல் மூன்றை மட்டும் ஒரு ஜக்கில் கலந்து, நான்காவதற்குப் பதில் 70 கிராம் வெறும் வெந்நீர் ஊற்றினேன். கணக்குப்படி 18.4 சதவீதம் இறங்கிய, 1.31 சதவீத அடர்த்தியுள்ள காபி. பக்கத்திலேயே நான்கையும் கலந்த முழுக் காபி. வீட்டில் மூன்று பேரிடம் எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன். மூன்று பேரும் வெந்நீர் ஊற்றியதையே எடுத்தார்கள், நானும்தான். அடுத்த வாரம் இன்னும் இளவறுவலான கொட்டையில் செய்தபோது முடிவு தலைகீழாக இருந்தது. நான்காவது கோப்பை இல்லாமல் அது வெறும் புளித்தண்ணீர். அம்மா ரெண்டையும் ஒரு வாய் குடித்துவிட்டு, பால் எங்கே என்று கேட்டார்.