இரண்டாவது வரிசையைத் தேடியபோது

வங்கி எழுத்தர் தேர்வின் முதல்நிலையில் ரீசனிங் பகுதிக்கு 35 வினாக்கள், 20 நிமிடங்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறைக்கப்படும். கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே இத்தேர்வுக்குப் படித்த முதல் ஆண்டில், புதிர்களை வேகமாக முடித்துவிடுகிறேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. ஆனால் மாதிரித் தேர்வுகளில் நான் மிக உறுதியாகக் குறித்த விடைகளே திரும்பத் திரும்பத் தவறின. காரணம் எனக்கு விளங்கியது ஒரு சின்னப் புதிரில்தான். அதை இங்கே முழுமையாகச் சொல்கிறேன்.

அமுதா, பாலன், சாந்தி, தேவன் ஆகிய நால்வரும் திங்கள் முதல் வியாழன் வரை, நாளுக்கு ஒருவராகத் தொட்டபெட்டாவுக்குச் செல்கிறார்கள். குறிப்புகள் மூன்று. பாலன் திங்களன்று சென்றால் சாந்தி வியாழனன்று செல்வார். சாந்தி வியாழனன்று செல்கிறார். அமுதா தேவனுக்கு முன் செல்கிறார். புதன்கிழமை செல்பவர் யார் என்பது கேள்வி.

நான் அரை நிமிடத்தில் முடித்தேன். சாந்தி வியாழன், ஆகவே பாலன் திங்கள். மீதமுள்ள இரண்டு நாள்களில் அமுதா செவ்வாய், தேவன் புதன். எழுதிய வரிசையை மூன்று குறிப்புகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. விடைத்தாளிலோ ‘முடிவு செய்ய இயலாது’ என்றிருந்தது. அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தாளை அவரிடம் காட்டியபோது, “நீ போட்ட வரிசையில் தப்பு இல்லைம்மா. அது ஒன்றுதான் வரும் என்று எப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்டார். பிறகு என் வரிசைக்குக் கீழே வேறொன்றை எழுதினார்: அமுதா, தேவன், பாலன், சாந்தி. அதுவும் மூன்று குறிப்புகளுக்கும் பொருந்தியது. அதில் புதன்கிழமை செல்பவர் பாலன்.

“சார், பாலன் திங்களன்று போகவில்லையே, முதல் குறிப்பு உடைந்துபோகிறதே” என்று வாதாடினேன். அவர் பேருந்தைக் காட்டி விளக்கினார். குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் பேருந்து தாமதமாக வரும். இன்று பேருந்து தாமதம் என்பதற்காக மண் சரிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? பனிமூட்டமாக இருக்கலாம், டயர் பஞ்சராகி இருக்கலாம், சாலையில் யானை நின்றிருக்கலாம். ‘சரிந்தால் தாமதம்’ என்ற வாக்கியம் சரிவிலிருந்து தாமதத்துக்கு மட்டுமே வழி காட்டுகிறது. தாமதத்திலிருந்து சரிவுக்குத் திரும்பி வர அதில் வழியில்லை. சாந்தி வியாழனன்று செல்வது எனக்கு வேறு குறிப்பின் மூலம் தெரிந்துவிட்டது. அப்போதே முதல் குறிப்பின் வேலை முடிந்துவிட்டது. பாலன் எந்த நாளில் சென்றாலும் அக்குறிப்பு உடையாது.

இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாள்கள் ஆயின. கொடுக்கப்பட்ட குறிப்பு ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வகையில் பயன்பட்டே ஆகவேண்டும் என்று நான் மனத்துக்குள் வைத்திருந்ததே அதற்குக் காரணம். அப்படி எந்தப் புதிரும் உறுதி கொடுப்பதில்லை. இன்னொரு காரணம் நம் அன்றாடப் பேச்சு. “பாடத்தை முடித்தால் சந்தைக்குக் கூட்டிப் போகிறேன்” என்று அம்மா சொன்னால், முடிக்காவிட்டால் போக முடியாது என்பதும் எங்களுக்குப் புரிந்துவிடும். அம்மா அந்தப் பாதியைச் சொல்லவில்லை, நாங்களே சேர்த்துக்கொண்டோம். வீட்டில் அது சரியாகவும் இருந்தது. புதிரில் அப்படிச் சேர்க்கக் கூடாது. உண்மையிலேயே திரும்பி வரும் வழி இருந்தால் புதிர் அதை வெளிப்படையாகச் சொல்லும். “பாலன் திங்களன்று சென்றால் மட்டுமே சாந்தி வியாழனன்று செல்வார்” என்றிருந்தால் என் விடை சரியாகியிருக்கும். ‘சென்றால்தான்’ என்றிருந்தாலும் அப்படியே. ‘தான்’, ‘மட்டும்’, ‘மட்டுமே’ ஆகியவற்றை அன்றிலிருந்து பென்சிலால் வட்டமிட்டுவிட்டே அடுத்த வரிக்குப் போகிறேன்.

பின்னோக்கிச் செல்லத் தகுதியான வழி ஒன்று உண்டு என்பதையும் அவரே காட்டினார். சாந்தி வியாழனன்று செல்லவில்லை என்று இரண்டாம் குறிப்பு சொல்லியிருந்தால், பாலன் திங்களன்று செல்லவில்லை என்பது உறுதி. பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1966-இல் எழுதிய சீட்டுச் சோதனை இதைத்தான் தொடுகிறது. நம் எழுத்தில் சொன்னால், மேசையில் நான்கு சீட்டுகள்: அ, க, 4, 7. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்ற விதியைச் சோதிக்க எவற்றைத் திருப்ப வேண்டும்? பலர் அ-வையும் 4-ஐயும் திருப்புகிறார்கள். நானும் அப்படியே செய்தேன். 4-க்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். ஆகவே திருப்ப வேண்டியவை அ-வும் 7-உம்.

இனி அந்தப் புதிரின் மூன்றாம் குறிப்பு. ‘தேவனுக்கு முன்’ என்பதை நான் ‘தேவனுக்கு முந்தைய நாள்’ என்று படித்திருந்தேன். என் வரிசையில் அது எதையும் கெடுக்கவில்லை என்பதால் கவனிக்கவும் இல்லை. அதே புதிரின் அடுத்த வினாவில்தான் மாட்டிக்கொண்டேன்: பாலன் செவ்வாயன்று செல்ல வாய்ப்பு உண்டா? இல்லை என்று குறித்தேன். அமுதா திங்கள், பாலன் செவ்வாய், தேவன் புதன், சாந்தி வியாழன் என்ற வரிசையில் அமுதா தேவனுக்கு முன்தான் செல்கிறார். இடையில் பாலன் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆக, மொத்தம் மூன்று வரிசைகள் பொருந்தும். அமுதா புதனன்று செல்லமாட்டார் என்பது மூன்றிலும் பொதுவானது. புதனுக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவே.

இந்த வகைப் பிழையை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாமாகச் சேர்த்த செய்தி மற்ற குறிப்புகளோடு முரண்படாதவரை, கிடைக்கும் வரிசை எல்லாக் குறிப்புகளுக்கும் பொருந்தியே நிற்கும். எனவே நான் சரிபார்க்கும் முறையை மாற்றினேன். விடை கிடைத்ததும் அதைப் பொய்யாக்கும் இன்னொரு வரிசையை எழுத முயல்கிறேன். தேவன் புதன் என்று வந்தால், புதனில் பாலனை வைத்து மீதியை நிரப்பிப் பார்க்கிறேன். எந்தக் குறிப்பு தடுக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் என் விடை நிற்கும். முடியாவிட்டால் அந்த இடத்தில் நான்தான் எதையோ சேர்த்திருக்கிறேன். தொடக்கத்தில் இதற்கே ஒரு நிமிடம் பிடித்தது, 35 வினாக்களுக்கும் செய்ய நேரமில்லை. ‘ஆல்’ வரும் குறிப்போ ‘இயலாது’ போன்ற விருப்பமோ உள்ள வினாக்களுக்கு மட்டும் செய்கிறேன்.

இரத்த உறவு வினாக்களில் இது அதிகமாகப் பயன்பட்டது. அண்மையில் பயிற்சித் தாளில் வந்த ஒன்று: மணி என்பவர் செல்வத்தின் உடன்பிறந்தவர், செல்வம் மீனாவின் தந்தை, மணி மீனாவுக்கு என்ன உறவு? முன்பானால் உடனே சித்தப்பா என்று குறித்திருப்பேன். இம்முறை மணியைப் பெண்ணாக வைத்துப் பார்த்தேன். ‘என்பவர்’, ‘உடன்பிறந்தவர்’ இரண்டும் இடம் கொடுத்தன, அத்தை வந்தார். ஆணாகவே வைத்து, செல்வத்துக்கு மூத்தவராக்கினேன், பெரியப்பா வந்தார்.

‘தரவு போதாது’ என்ற நான்காவது விருப்பத்தைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றேன்.