ஒரே லோடு, மூன்று தகைவு: அலுமினியத் துண்டை நசுக்கி நான் பட்ட பாடு

எம்.இ. புராஜெக்டுக்காக 1100 அலுமினியத்தின் தகைவு-திரிபு வளைவு ஒன்று தேவைப்பட்டது. அதை ஃபோர்ஜிங் சிமுலேஷனுக்குள் கொடுக்க வேண்டும். இழுவிசைச் சோதனை மட்டும் போதாது, ஏனென்றால் மிருதுவான இந்த அலுமினியத்திலேயே திரிபு 0.2 தாண்டியதும் ஓரிடம் ஒடுங்கிக் கழுத்து விழுந்துவிடுகிறது, எனக்கோ 0.7 வரை வேண்டும். நசுக்கினால் கழுத்து விழாதே, வேலை சுலபம் என்று நினைத்தேன்.

கம்பியை நன்றாக அனீல் செய்து 20 மி.மீ. விட்டம், 20 மி.மீ. உயரத்தில் லேத்தில் வெட்டி வாங்கினேன். யூ.டி.எம்.மில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, நிமிடத்துக்கு 2 மி.மீ. வேகத்தில், உயரம் பாதியாகும் வரை அழுத்தினேன். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடவில்லை. வெளியே எடுத்தபோது துண்டு உருளையாக இல்லை, வயிறு பெருத்த குட்டி பீப்பாயாக இருந்தது. லோடு 125 கிலோநியூட்டன்.

தகைவு கணக்கிட விட்டம் வேண்டுமே, வெர்னியரை எங்கே வைப்பது? நடு வயிற்றில் 29.6 மி.மீ., தட்டோடு ஒட்டியிருந்த முனையில் 25.5. நடு விட்டத்தை எடுத்தால் 182 மெகாபாஸ்கல், முனை விட்டத்தை எடுத்தால் 245. கன அளவு மாறாது, உயரம் பாதியானால் பரப்பு இரண்டு மடங்கு என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி போட்டால் 199. ஒரே துண்டு, ஒரே லோடு! மூன்றில் நியாயமானது 199தான் என்று அதையே வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் வழிகாட்டி ஆசிரியர் இழுவிசை வளைவையும் இதையும் ஒரே தாளில் வரையச் சொன்னார். திரிபு 0.2-இல் இழுவிசை 130 காட்டுகிறது, அமுக்கச் சோதனை 141. இந்த மாதிரி அனீல் செய்த அலுமினியம் இழுத்தாலும் நசுக்கினாலும் உண்மைத் தகைவில் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

லேப்பில் இருபது வருடமாக இருக்கும் டெக்னீஷியன் அண்ணன்தான் துண்டைக் கையில் வாங்கி விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, முனையைப் பாருங்க, ரெண்டு வட்டம் தெரியுதா?" தெரிந்தது. உள்ளே லேத்தில் ஃபேசிங் செய்த வட்டக் கோடுகள் அப்படியே இருந்தன, அந்தப் பகுதி 22 மி.மீ.க்குள் அடங்கிவிட்டது. அதைச் சுற்றி வழவழவென்று மினுங்கும் ஒரு வளையம். அந்த வளையம் முதலில் முனையிலேயே கிடையாது. அது துண்டின் பக்கச் சுவர், வயிறு பெருக்கும்போது மடிந்து வந்து தட்டில் படுத்திருக்கிறது. அதாவது முனை விரிந்தது பெரும்பாலும் சறுக்கி அல்ல, மடிந்து.

காரணம் உராய்வு. தட்டை ஒட்டிய அலுமினியம் வெளியே ஓடப் பார்க்கிறது, உராய்வு அதை உள்நோக்கிப் பிடிக்கிறது. முனைகளுக்கு உள்ளே கூம்பு மாதிரி ஒரு பகுதி கிட்டத்தட்ட உருமாறாமல் ஆப்பு போல இறங்க, நடுவில் உள்ளதுதான் பிதுங்குகிறது. ஒரு துண்டை நெடுக்காக அறுத்து விக்கர்ஸ் கடினத்தன்மை பார்த்தேன்: தட்டுக்குக் கீழே மையத்தில் 34, துண்டின் நட்ட நடுவில் 48. அனீல் செய்தபோது எங்கும் ஒன்றாக இருந்த உலோகம்தான். உயரம் பாதியானதற்கு, இயல் மடக்கைக் கணக்கில், திரிபு 0.69 என்று நான் எழுதி வைத்திருந்தது வெறும் சராசரி, துண்டுக்குள் எங்கெங்கோ வேறு வேறு. போதாததற்கு அந்த உராய்வை வெல்லவும் மெஷின் லோடு கொடுக்கிறது, நான் அதையும் உலோகத்தின் பலம் என்று கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

எவ்வளவு சேர்ந்தது என்பதற்குப் பாடநூல் சூத்திரம் ஒன்று உண்டு:

```
p = σ0 (1 + μ d / 3h)
```

`p` நாம் அளக்கும் சராசரி அழுத்தம், `σ0` உலோகத்தின் உண்மையான தகைவு, `μ` உராய்வுக் கெழு, `d`, `h` அந்த நேரத்து விட்டமும் உயரமும். கவனிக்க வேண்டியது `d/h`. ஆரம்பத்தில் அது 1, உயரம் பாதியாகும்போது 2.83. அதனால் பிழை ஒரே அளவாக ஒட்டியிருப்பதில்லை, நசுக்க நசுக்க வளர்கிறது. என் வளைவு கடைசியில் மேல்நோக்கித் தூக்கியதைப் பார்த்து உலோகம் நன்றாகக் கடினமாகிறது என்று நான் மகிழ்ந்ததெல்லாம் இதுதான்.

சரி, உராய்வைக் குறைப்போம் என்று முனைகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கிரீஸைத் தாராளமாக அப்பினேன். இந்த முறை தலைகீழ்: முனை விரிந்து நடு ஒடுங்கி உடுக்கை மாதிரி வந்தது, முனைப்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு. கிரீஸ் தடிமனாகத் தேங்கி, தானே வெளியே வழியும்போது முனையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆகவே மெல்லிய படலம் போதும்.

கடைசியில் வேலை செய்தது பொறுமையைச் சோதிக்கும் வழி. 0.1 மி.மீ. டெஃப்லான் ஷீட்டை வட்டமாக வெட்டி இரு முனையிலும் வைத்து, லேசாக கிரீஸ் தடவி, உயரம் பத்து சதவீதம் குறைந்ததும் நிறுத்தி, துண்டை எடுத்துத் துடைத்து, உயரத்தையும் மூன்று இடத்தில் விட்டத்தையும் அளந்து, கிழிந்துபோன டெஃப்லானை எறிந்துவிட்டு புதிது வைத்து மறுபடி அழுத்த வேண்டும். பாதி உயரத்துக்கு ஏழு தடவை. ஒரு துண்டுக்கு ஒன்றரை மணி நேரம். கையால் உயரத்தை அளப்பதால் மெஷின் சட்டம் நெளிவதும் கணக்கில் நுழையாது, அது ஒரு லாபம். முடிவில் நடு விட்டம் 28.4, முனை 28. லோடு 106 கிலோநியூட்டன், தகைவு 169. வறட்டுச் சோதனையின் 199-ஐ இதோடு வைத்துச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் `μ` சுமார் 0.19. ஆனால் சூத்திரம் முனை முழுவதும் சறுக்குவதாக நினைத்துக்கொள்கிறது, என் துண்டிலோ நடுப்பகுதி ஒட்டியே கிடந்தது, எனவே அந்த 0.19-ஐ ரொம்ப நம்பவில்லை.

169 சரிதானா என்று இன்னொரு வழியிலும் பார்த்தேன். குக், லார்க் முறை என்பார்கள்: ஒரே விட்டம், வெவ்வேறு உயரம், வறட்டுத் தட்டு. 10, 20, 40 மி.மீ. உயரத் துண்டுகளை அதே ஐம்பது சதவீதம் நசுக்கியதில் வந்தவை 231, 199, 185. இவற்றை ஆரம்ப `d/h`-க்கு எதிராகக் குறித்து கோட்டைப் பூச்சியம் வரை நீட்டினால், அதாவது முடிவில்லாமல் உயரமான, முனையே இல்லாத ஒரு துண்டுக்கு, சுமார் 170. அப்பாடா. நிஜத்திலும் உயரத்தைக் கூட்டிப் பார்ப்போமே என்று 60 மி.மீ. துண்டு ஒன்றையும் வைத்தேன், அது பாதிக்கு வருவதற்குள் வளைந்து சாய்ந்துவிட்டது. விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம் வைக்காதீர்கள்.

இதில் நான் மாட்டவிருந்த பெரிய பொறி சிமுலேஷனில்தான். அங்கே உராய்வுக் கெழுவைத் தனியாகக் கேட்கும். முதல் வளைவையே கொடுத்து அங்கும் 0.19 போட்டிருந்தால் அதே உராய்வு இரண்டு தடவை கணக்காகியிருக்கும். புது வளைவைக் கொடுத்து, 20 மி.மீ. வறட்டுத் துண்டையே சிமுலேஷனில் நசுக்கிப் பார்த்தேன். 0.19-க்கு வயிறு சரியாக வரவில்லை, கெழுவை ஏற்றிக்கொண்டே போய் முனை 25.5, நடு 29.6 என்று பொருந்தும் இடத்தில் நிறுத்தினேன். பிரஸ் லோடு கணக்குக்கு இப்போது அந்த எண்ணைத்தான் வைத்திருக்கிறேன்.